உலர்ந்த கரண்டி

திருப்பூர்ச் சாய ஆலைகளில் ‘கலர் கிச்சன்’ என்று ஓர் அறை உண்டு. சாயப்பொடிகளையும் உப்புகளையும் நிறுத்து, கரைத்து, மெஷினுக்கு அனுப்பும் இடம். தரை எப்போதும் ஈரமாக இருக்கும். மேசை மேல் தராசு, பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் மக், சுவரோரம் மூட்டைகளும் டிரம்களும். இவற்றில் மூன்று பொருள்கள் வெள்ளை வெளேரென்று, தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று கிளாபர்ஸ் உப்பு, இன்னொன்று சோடா ஆஷ், மூன்றாவது ஹைட்ரோஸ்.

முதல் இரண்டையும் ஈர மக்கால் அள்ளினால் பொடி கட்டிதட்டும், அவ்வளவுதான். ஹைட்ரோஸை ஈர மக்கால் அள்ளினால் டிரம் தீப்பிடிக்கலாம்.

ஹைட்ரோஸின் வேதியியல் பெயர் சோடியம் டைதயோனைட். பிற பொருள்களிடமிருந்து ஆக்சிஜனைப் பறிப்பதுதான் அதன் வேலை. திட்டுத்திட்டாக ஏறிவிட்ட சாயத்தைத் துணியிலிருந்து உரித்தெடுக்கவும், 130 டிகிரியில் சாயமேற்றிய பாலியெஸ்டரின் மேற்பரப்பில் தங்கிய மிச்சத்தைக் கழுவவும், அடர்நிறம் ஓடிய மெஷினை வெளிர்நிறத்துக்குத் தயார்செய்யவும் அது வேண்டும். அந்த வீரியமே அதன் ஆபத்து. பொடியில் கொஞ்சம் ஈரம் பட்டால் அந்த இடம் சிதையத் தொடங்கும். சிதையும்போது சூடு பிறக்கும், சூடு ஏற ஏறச் சிதைவு வேகமெடுக்கும். டிரம்முக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. முதலில் லேசான புகை, பிறகு தொண்டையைப் பிடிக்கும் கந்தக டை ஆக்சைடு, கடைசியில் நெருப்பு. ஈரம் பட்டதும் நெருப்பு வருவதுமில்லை. அள்ளியவர் மூடியைப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஆளில்லாத நேரத்தில்கூட அது தொடங்கலாம். காரணத்தையும் விளைவையும் கண்ணால் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. அனுபவம் கற்றுத்தராத பாடம் என்பதால், யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

யார், யாருக்குச் சொல்வது? டையிங் மாஸ்டர் தமிழர். ஹெல்பராக இருப்பவர் ஒடிசாவிலிருந்து வந்தவராக இருக்கலாம், பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்திருக்கலாம். ‘வடக்கத்திக்காரர்’ என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் இவர்களுக்குள் பேச்சும் எழுத்தும் வெவ்வேறு. பீகார்க்காரர் வீட்டில் பேசுவது போஜ்புரியோ மைதிலியோ, பள்ளியில் படித்தது இந்தி. ஒடியாக்காரருக்கு இந்தி காதில் விழுந்தால் புரியும், எழுத்தில் தடுமாறலாம். சந்தாலி பேசுபவருக்கு இந்தியும் இரண்டாம் மொழி, ஒடியாவும் இரண்டாம் மொழி. ஆகவே தமிழ்ப் பலகைக்குக் கீழே ஓர் இந்திப் பலகையை மாட்டினால் பாதி வேலைதான் முடிகிறது.

சட்டமும் நெடுங்காலம் பாதி வழிதான் வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆவது பிரிவு, ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. வாசலருகே பளிச்சென்று தெரியும்படி வைக்கவும் சொன்னது. பெரும்பான்மை என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இருநூறு பேரில் நூற்றிருபது பேர் தமிழர் என்றால் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் கலர் கிச்சனில் நிற்கும் நான்கு பேரில் மூவர் அந்த மீதி எண்பதிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். எச்சரிக்கைக்கு ஆலையின் பெரும்பான்மை பொருட்டல்ல. அந்த டிரம்மைத் திறக்கும் கை யாருடையது என்பதுதான் பொருட்டு.

எழுத்துதானே சிக்கல், படம் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். டிரம்மிலேயே படம் இருக்கிறது. வேதிப்பொருள்களுக்காக ஐ.நா. வகுத்த உலகப் பொது முறையில் ஒன்பது சின்னங்கள் உண்டு. சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரம், உள்ளே கறுப்புப் படம். ஹைட்ரோஸ் டிரம்மில் இருப்பது சுடர்ச் சின்னம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதே சுடர் தின்னர் டப்பாவிலும் இருக்கிறது. தின்னருக்கு அதன் பொருள், பக்கத்தில் தீப்பொறி வேண்டாம் என்பது. ஹைட்ரோஸுக்கு அதன் பொருள், இது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பது. தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடும் பொருள்களுக்கும் அதே சுடர்தான். மூன்று வேறு ஆபத்துகள், மூன்று வேறு நடத்தைகள், ஒரே படம். சுடரைப் பார்த்த ஒருவர் பீடியை அணைத்துவிட்டு ஈர மக்கோடு டிரம்மை நெருங்கினால், அவர் படத்தைச் சரியாகவே புரிந்துகொண்டார். படம்தான் அவரிடம் வேண்டியதைச் சொல்லவில்லை. அந்தச் சின்னம் கிடங்குக்காரருக்கும் லாரிக்காரருக்கும் தீயணைப்புத் துறைக்கும் பொருளின் வகையைச் சொல்ல வந்தது. கையில் கரண்டி பிடித்தவர் செய்ய வேண்டியதை அது சொல்வதில்லை.

படம் என்றாலே எல்லோருக்கும் புரியும் என்ற நம்பிக்கைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1971இல் ஈராக்குக்குக் கப்பலில் விதைக் கோதுமை வந்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மெதில் பாதரசம் பூசியிருந்தார்கள். உண்ணக் கூடாது என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளில் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை, கூடவே மண்டையோட்டுப் படம். கிராமத்து உழவர்களுக்கு அந்த இரண்டு மொழியும் தெரியாது. மண்டையோடு நஞ்சைக் குறிக்கும் என்பதும் அவர்கள் பழகிய வழக்கமல்ல. கழுவினால் சாயம் போனது, நஞ்சும் போய்விட்டது என்று நினைத்தார்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள், உடனே ஒன்றும் ஆகவில்லை. பாதரசம் வாரக்கணக்கில் தாமதித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த மக்கள் அலட்சியமாக இருக்கவில்லை. கழுவினார்கள், சோதித்துப் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். எச்சரித்தவர்கள்தான், தாங்கள் எழுதியது படிப்பவருக்கு என்னவாகத் தெரிகிறது என்று ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்டுப் பார்த்த கதையும் உண்டு. கதிர்வீச்சுக்கு மூவிதழ்ச் சின்னம் ஒன்று 1946இலிருந்து இருக்கிறது. அதைக் கற்றவருக்குத்தான் அது ஆபத்து. கல்லாதவர் மின்விசிறி என்றோ கப்பலின் விசிறி என்றோ சொல்வார். 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிரகானில் பழைய இரும்பு சேகரிப்போர், மருத்துவக் கருவி ஒன்றின் கோபால்ட் மூலத்தைப் பிரித்தெடுத்தார்கள். மூவர் இறந்தனர். அதன்பின் சர்வதேச அணுசக்தி முகமையும் தர நிர்ணய அமைப்பும் சேர்ந்து புதிய துணைச் சின்னம் ஒன்றை உருவாக்கின. வரைந்து வைத்துவிட்டுப் போகவில்லை. இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2007இல் வெளியான அந்தச் சிவப்பு முக்கோணத்தில் கதிர்வீசும் இதழ்கள், மண்டையோடு, ஓடும் மனிதன் மூன்றும் இருக்கின்றன. ‘ஓடு’ என்ற செயல் படத்துக்குள் வந்துவிட்டது. அது கருவியின் வெளிப்புறத்தில் ஒட்டுவதற்கானதும் அல்ல. உறையைக் கழற்றும் கை சரியாக அந்த இடத்தை அடையும்போது கண்ணில் படும்படி, மூலத்துக்கு அருகே உள்ளே வைக்கப்படுகிறது.

செயலைக் காட்டுவது, கை போகும் இடத்தில் வைப்பது, புரிகிறதா என்று கேட்டுப் பார்ப்பது. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கலர் கிச்சனுக்குத் திரும்புவோம். ஹைட்ரோஸ் டிரம்முக்கு ஓர் அட்டை தயாரிக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் வரைவது ஒன்றைத்தான். டிரம் மேல் தண்ணீர் விழுகிறது, அதன் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும். தண்ணீர் ஊற்றாதே. விதிப்படியும் சரி. சிவப்பு வட்டத்தில் இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் கோடு தடையைக் குறிக்கும் என்பது உலகத் தரம். நீல வட்டம் செய்ய வேண்டியதை, மஞ்சள் முக்கோணம் ஆபத்தை, பச்சை பாதுகாப்பான வழியைச் சொல்லும். ஆனாலும் இந்த அட்டையில் மூன்று குறைகள் இருக்கின்றன.

முதலாவது மை. அச்சுக் கடையில் எடுக்கும் சாதாரண ஸ்டிக்கரில் வெயிலுக்கும் ஆவிக்கும் முதலில் வெளுப்பது சிவப்பு, கடைசிவரை நிற்பது கறுப்பு. சாய ஆலையில் நீராவியும் அமில வாடையும் சேர்ந்துகொள்ளும். சில மாதங்களில் குறுக்குக்கோடு மங்கிப்போய், டிரம்மும் அதன்மேல் விழும் தண்ணீரும் மட்டும் தெளிவாக நிற்கும். அன்றிலிருந்து அந்த அட்டை எச்சரிக்கை அல்ல, ‘தண்ணீர் ஊற்று’ என்ற கட்டளை. ஆலைக்குள் போகிறவர்கள் பழைய தடைப் பலகைகளை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்தால் நல்லது.

இரண்டாவது, தடையைச் சொல்லும் முறை. பேச்சில் இது இன்னும் மோசம். தமிழில் மறுப்பு வினையின் வாலில் வருகிறது. ‘தண்ணி ஊத்தாதே’ என்பதற்கும் ‘தண்ணி ஊத்து’ என்பதற்கும் இடையே இருப்பது கடைசி ஓரிரு அசைகள். சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களின் இரைச்சலில், நாலு மாதத் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் காதில் ‘தண்ணி’யும் ‘ஊத்த’வும் விழும், வால் விழாது. தடையைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தினால் இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. தண்ணீர் கூடாது, சரி, எதைக் கொண்டு அள்ளுவது? செய்ய வேண்டியதைச் சொன்னால் இரண்டும் தீர்கின்றன. ‘காய்ந்த கரண்டி. மூடியை மூடு.’ இவற்றில் பாதி மட்டும் காதில் விழுந்தாலும் எதிர்ப்பொருள் வராது.

மூன்றாவது குறைதான் பெரியது. ‘தண்ணீர் ஊற்றாதே’ என்பது எப்போதும் உண்மையல்ல. ஹைட்ரோஸில் தீ பிடித்துவிட்டால் அதை அணைப்பது தண்ணீர்தான், அதுவும் வெள்ளமாக. ஒரு மக் தண்ணீர் அதைத் தூண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கொட்டும் தண்ணீர், சூட்டை வாங்கிக்கொண்டு பொடியைக் கரைத்துச் சிதைவை நிறுத்தும். மணலைப் போட்டு மூடுவது உதவாது, ஏனென்றால் எரிவதற்கு அதற்கு வெளிக்காற்று வேண்டியதில்லை. அவசரகாலத் தீயணைப்புக் கையேடுகள் தண்ணீருக்கு ஆகாத பொருள்களின் பட்டியலிலிருந்து டைதயோனைட்டைத் தனியே எடுத்து, இதற்கு ஏராளமான தண்ணீர் என்று குறிப்பிடுவது இதனால்தான். அன்றாட வேலையிலும் அது தண்ணீரில்தான் கரைக்கப்படுகிறது. காஸ்டிக் கலந்த நிறையத் தண்ணீருக்குள் பொடியைப் போட வேண்டும். பொடி மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆக, நிறையத் தண்ணீரில் கொஞ்சம் பொடி பத்திரம், நிறையப் பொடியில் கொஞ்சம் தண்ணீர் ஆபத்து. இதை ஒரு சிவப்புக் கோட்டால் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். எளிமையாக்குவது என்றால் சொற்களைக் குறைப்பது என்று நினைக்கிறோம். அதற்கு முன் செய்ய வேண்டியது, யாருக்கு எது வேண்டும் என்று பிரிப்பது. ஹெல்பருக்கு வேண்டியவை இரண்டே செய்திகள். வேலை நேரத்தில்: காய்ந்த கரண்டியால் எடு, மூடு, பெரிய தொட்டியில் போடு. புகை வந்தால்: விட்டுவிட்டு வெளியே போ, கத்திச் சொல். வெள்ளமாகத் தண்ணீர் விடுவது தீயணைப்புப் பயிற்சி பெற்ற, முகக்கவசமும் நீண்ட குழாயும் உள்ள சிலரின் வேலை. அவர்களுடைய தாளில் அது விவரமாக இருக்கட்டும். ஹெல்பரின் அட்டையில் அதைச் சேர்த்தால், புகைகிற டிரம்முக்கு அவர் பக்கத்தில் கிடக்கும் மக்கோடு ஓடுவார். கந்தக டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குனிந்து தீயணைக்கப் பார்ப்பவரை அது முதலில் வீழ்த்தும்.

அட்டையில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் திறந்த டிரம், கையில் நீளக் கைப்பிடியுள்ள கரண்டி. இரண்டாவதில் அதே கை மூடியை அழுத்துகிறது. மூன்றாவதில் பெரிய தொட்டி, அதன் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர், மேலிருந்து பொடி விழுகிறது. கீழே தனியாக, மஞ்சள் பின்னணியில், புகைகிற டிரம்மும் கதவை நோக்கி ஓடும் மனிதனும். முழுப் புகைப்படம் வைத்தால் பின்னாலிருக்கும் குழாயும் மூட்டையும் கண்ணை இழுக்கும். வெறும் கற்பனைக் கோட்டோவியம் என்றால் இது எந்த டிரம் என்று தெரியாது. அந்த ஆலையின் டிரம்மையும் அந்தக் கரண்டியையும் படம் எடுத்து, அதன் மேலேயே கோடு இழுத்து வரைந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. டிரம்மின் நிறம் அட்டையிலும் அதே நிறமாக இருக்க வேண்டும். கம்பெனி மாறி டிரம் நிறம் மாறினால் அட்டையும் மாற வேண்டும்.

கட்டங்களுக்கு எண் இட வேண்டும். உருது எழுத்தில் படித்தவருக்குக் கண் வலமிருந்து இடம் போகும், எண் இல்லாவிட்டால் மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்குவார். செல்போனில் உள்ள 1, 2, 3 எல்லோருக்கும் தெரியும். எண்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வங்காள எழுத்தில் நான்கு என்பதன் வடிவம் நம் 8 போலவே இருக்கும், ஏழின் வடிவம் 9 போல இருக்கும். வங்காளத்துக்காரரோ அதே எழுத்துள்ள அசாம்காரரோ துண்டுச்சீட்டில் தன் வழக்கப்படி நான்கு கிலோ என்று குறித்தால், அடுத்த ஷிப்டில் தமிழர் ஒருவர் அதை எட்டு என்று எடுத்துப்போடலாம். எடைச்சீட்டில் செல்போன் எண்களை மட்டுமே எழுதுவது என்று முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

சொற்கள் கட்டத்துக்கு இரண்டு மூன்று போதும். அவை தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் என்று நான்கு எழுத்துகளில் படத்துக்கு நேர்கீழே. ஆலைக்கு யார் வருகிறார்களோ அதற்கேற்ப இந்தப் பட்டியல் மாறும். மொழிபெயர்ப்பை இணையத்திலோ அச்சுக் கடையிலோ வாங்கிவிட்டு நிம்மதியடையக் கூடாது. ஒடியா தெரிந்த ஒருவர் எழுதியதை, தமிழ் மூலத்தைப் பார்க்காத இன்னோர் ஒடியாக்காரர் வாய்மொழியாக நமக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். ‘காய்ந்த கரண்டி’ என்று திரும்பி வந்தால் சரி. ‘சுத்தமான கரண்டி’ என்று வந்தால் வேலை இன்னும் முடியவில்லை, ஏனென்றால் அப்போதுதான் கழுவிய கரண்டியும் சுத்தமான கரண்டிதான். எழுத்தே வராதவர்களுக்கு, அதே ஊர்க்காரர் ஒருவரின் குரலில் அரை நிமிடப் பதிவு எடுத்துச் செல்போனில் அனுப்பலாம். குரல் ஊர்ப்பேச்சில் இருக்க வேண்டும், செய்தி வாசிப்பவர் மொழியில் அல்ல.

இனிதான் பெரும்பாலான ஆலைகள் தாண்டிப்போகும் படி. அட்டை புரிகிறதா என்று சோதிப்பது.

வழக்கமாக நடப்பது இது. சூப்பர்வைசர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, அட்டையைக் காட்டி விளக்கிவிட்டு, “புரிஞ்சுதா?” என்பார். “ஆமாண்ணா” என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்து, நாள்கூலியை நம்பியிருப்பவர் சூப்பர்வைசரிடம் “புரியலைண்ணா” என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வியால் புரிதலை அளக்க முடியாது. அது மரியாதையை மட்டுமே அளக்கிறது.

அளப்பதற்கு வேறு முறை இருக்கிறது. ஒவ்வொருவராகத் தனியே அழைக்க வேண்டும். கூட்டமாகக் கேட்டால் முதலாமவர் சொன்னதையே மற்றவர் சொல்வார். கேட்பவர் அவர்களுடைய சூப்பர்வைசராக இருக்கக் கூடாது, அவர்கள் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லாமல் அட்டையைக் காட்டி, “நீங்க இந்த டிரம் பக்கத்துல நிக்கிறீங்க. இது என்ன செய்யச் சொல்லுது?” என்று மட்டும் கேட்க வேண்டும். நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது உதவாது, அதில் விடையே வழிகாட்டிவிடும். சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு கையைப் பார்க்க வேண்டும். ஒரு காலி டிரம்மில் கிளாபர்ஸ் உப்பை நிரப்புங்கள், பார்வைக்கு ஹைட்ரோஸ் போலவே இருக்கும். பக்கத்தில் ஓர் ஈர மக், ஒரு காய்ந்த கரண்டி, கொஞ்சம் தள்ளி வாளியில் தண்ணீர். “ஒரு கிலோ எடுத்துத் தொட்டியில போடுங்க.” அவ்வளவுதான். எதை எடுக்கிறார், மூடியை மூடுகிறாரா, சிந்திய பொடியை ஈரத்துணியால் துடைக்கிறாரா, மீந்ததைத் திரும்ப டிரம்மில் கொட்டுகிறாரா? சரியாகப் பதில் சொன்ன சிலருடைய கை, பழக்கத்தில் மக்கை நோக்கிப் போவதை அங்கே காணலாம்.

அமெரிக்கத் தரம் ஒன்று பாதுகாப்புச் சின்னங்களுக்கு இரண்டு வரம்பு வைக்கிறது. கேட்டவர்களில் 85 சதவீதம் பேருக்காவது சரியாகப் புரிய வேண்டும். எதிர்ப்பொருளாகப் புரிந்துகொண்டவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது வரம்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. புரியாதவர் நின்று யோசிப்பார், இன்னொருவரைக் கேட்பார். தலைகீழாகப் புரிந்தவர் தயங்கமாட்டார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் மேல் குறுக்குக்கோடு போட்ட முதல் அட்டையை நாற்பது பேரிடம் காட்டியதாக வைத்துக்கொள்வோம். 29 பேர் சரியாகச் சொல்கிறார்கள், 6 பேர் தெரியவில்லை என்கிறார்கள், 5 பேர் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது என்கிறார்கள். சரியானவர்கள் 72.5 சதவீதம், தலைகீழ் 12.5 சதவீதம். இரண்டிலும் அட்டை தோற்றது. 34 பேருக்குப் புரிய வேண்டும், தலைகீழாகப் புரிந்தவர் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் இந்த எண்களைவிட அந்த ஐந்து பேர் சொன்ன சொற்கள் அதிகம் கற்றுத்தரும். தீ மாதிரி ஏதோ இருக்கிறது, அதனால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், டிரம்மில் ஏற்கனவே ஒட்டியிருக்கும் சுடர்ச் சின்னமும் நம் அட்டையும் அவர் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இரண்டையும் தள்ளித் தள்ளி ஒட்ட வேண்டும். மூன்று கட்ட அட்டையிலும் தவறுகள் வரும், ஆனால் வேறு வகை. தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, கழுவச் சொல்கிறது என்பார்கள். அப்படியானால் தொட்டியில் மெஷின் பெயரையோ அவர்கள் அன்றாடம் பார்க்கும் கலக்கியையோ வரைந்து மறுபடி நாற்பது பேரிடம் போக வேண்டும், அதுவும் முதல் அட்டையைப் பார்க்காத நாற்பது பேரிடம். அவ்வளவு புதியவர்கள் இல்லாத சிறிய ஆலை, பேக்கிங்கிலும் தையலிலும் இருப்பவர்களைக் கேட்கலாம். நாளைக்குக் கலர் கிச்சனுக்கு மாற்றப்படுபவர்களும் அவர்கள்தானே.

தேறிய அட்டையை எங்கே வைப்பது? சுவரில் வேண்டாம். அள்ளுபவர் சுவரைப் பார்ப்பதில்லை, மூடியைப் பார்க்கிறார். ஆகவே மூடியின் மேற்புறத்தில் ஒட்ட வேண்டும்; ஓடச் சொல்லும் படம் மட்டும் கதவின் உட்பக்கத்தில், வெளியே போகும் திசையில். கரண்டியைச் சங்கிலியால் டிரம்மோடு கட்டிவிட்டால் பாதிப் பேச்சு மிச்சமாகும். கரண்டி குழாயடிக்குப் போகாது, அசெட்டிக் அமிலத்தை அள்ளிய மக் இங்கே வராது. அமிலம் ஹைட்ரோஸில் பட்டால் தண்ணீரைவிட வேகமாக அந்த நச்சுவாயு கிளம்பும் என்பதால் இந்தச் சங்கிலி இரண்டு விபத்துகளைத் தடுக்கிறது. அமில கேன்களை அறையின் மறுகோடிக்கு நகர்த்துவதும் அப்படியே. அதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

அட்டைக்கு ஆயுளும் குறித்துவிட வேண்டும். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ரத யாத்திரைக்கும் பிஹுவுக்கும் ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பமாட்டார்கள், அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். சோதனையை ஆண்டுக்கொருமுறை என்று காலண்டரில் வைப்பதைவிட, ஒவ்வொரு விடுமுறைக்கும் பிறகு உப்பு டிரம்மை வைத்துப் புதியவர்களின் கையைப் பார்ப்பது பொருத்தம். வந்த முதல் இரவு ஷிப்டில் யாரும் தனியாகக் கலர் கிச்சனில் நிற்காமலிருப்பதும் அதோடு சேர்ந்தது. அச்சிட்ட சிவப்பு வெளுத்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்த ஓர் ஆலை இன்னும் ஒரு படி போகலாம். ஐம்பது கிலோ டிரம்மை ஷிப்டுக்குப் பலமுறை திறக்க வேண்டிய தேவைதான் என்ன? ஈரமில்லாத தனி அறையில், பயிற்சி பெற்ற இருவர் மட்டும் டிரம்மைத் திறந்து, ஒரு மெஷின் ஓட்டத்துக்கு வேண்டிய அளவை உலர்ந்த பைகளில் நிறுத்துக் கட்டி வைத்தால், மற்றவர்கள் பையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதோடு சரி. சாயம் உரிக்கும் வேலையில் சில இடங்களில் ஹைட்ரோஸுக்குப் பதில், ஈரத்தை அதைவிடப் பொறுத்துக்கொள்ளும் தயோயூரியா டை ஆக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். எல்லா வேலைக்கும் அது ஈடாகாது, செலவும் வேறு. பை முறைக்கு மாறினால் மூன்று கட்ட அட்டையின் முதல் இரண்டு கட்டங்கள் அந்தத் தனி அறையின் மூடிக்குப் போய்விடும். கலர் கிச்சனில் மிஞ்சுவது தொட்டிப் படமும் ஓடும் மனிதனும். அவற்றையும் புதிதாகவே சோதிக்க வேண்டும், ஏனென்றால் இப்போது படத்தில் இருப்பது டிரம் அல்ல, பை. பிரித்த பையின் அடியில் ஒட்டிய பொடியை முதல் பத்துப் பேரில் எத்தனை பேர் குழாயடியில் அலசப் போகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த கட்டத்தை வரைய முடியும்.